காப்பித் தம்ளருக்குப் பின்னால் ஒரு மலை

என் அண்ணன் மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தோழிகள் இரண்டு பேரோடு வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன மே மாதம் ஒரு காலை, பால்கனிக் கைப்பிடிச் சுவரில் காப்பித் தம்ளரை வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். முன்னால் தம்ளர், பின்னால் விடிந்துகொண்டிருக்கும் ஊர். அழகான படம்தான். போன் செய்து, "எல்லாரும் பார்க்கிற அக்கவுண்ட்ல வீட்டு பால்கனியைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"லொகேஷனை ஆஃப் பண்ணிட்டுத்தான் சித்தப்பா எடுத்தேன். எந்த ஏரியான்னுகூட யாருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது. அவள் வீடு மாறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "நான் கண்டுபிடிச்சிட்டா?" என்றேன். பிரியாணி வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டினாள்.

லொகேஷனை ஆஃப் செய்வது வீண் வேலை என்று சொல்லமாட்டேன். கைப்பேசி படம் எடுக்கும்போது படத்தோடு சேர்த்து ஒரு குறிப்பையும் எழுதி வைக்கிறது. எந்த மாடல் போன், எத்தனை மணி, லொகேஷன் ஆன் செய்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் இருக்கும். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி மத்திய அமெரிக்காவில் தலைமறைவாக இருந்தபோது, கூடவே போன பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட ஒரே ஒரு படத்தில் இந்தக் குறிப்பு அழிக்கப்படாமல் இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துபோனது. இப்போது பெரிய சமூக வலைத்தளங்கள் படத்தை ஏற்றும்போதே இந்தக் குறிப்பை உரித்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பிலும் படமாக அனுப்பினால் போய்விடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். ஆக, அண்ணன் மகள் பூட்டியது உண்மையான கதவைத்தான். ஆனால் அந்த வீட்டுக்கு ஜன்னல்கள் நிறைய.

படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். கைப்பேசியின் கேமரா சின்னது. அதனால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே தெளிவோடு விழும். பின்னணியை மங்கலாக்குவதெல்லாம் பிறகு மென்பொருள் செய்கிற வேலை. இவள் அந்த வசதியைப் பயன்படுத்தவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க், ஒரு சன் டைரக்ட் டிஷ். அதற்குப் பின்னால் கட்டட நெரிசல், ஒரு செல்போன் கோபுரம், தூண்களின் மேல் போகும் ரயில் பாதை. எல்லாவற்றுக்கும் பின்னால், தம்ளரின் விளிம்பை ஒட்டி, தாழ்வான ஒரு குன்று. உச்சியில் வெள்ளையாக ஏதோ கட்டடம்.

சென்னைக்காரர்கள் இந்நேரம் பரங்கிமலை என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொன்னேன். தட்டையான ஊரில் ஒரு குன்று என்பது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் அந்தக் குன்றைச் சுற்றி எத்தனையோ பேட்டைகள். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் மேலே போகமுடியும்.

அங்கேதான் டிஷ் உதவியது. டி.டி.எச். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு இடம். சன் டைரக்டுக்கானது சென்னைக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது. அதனால் சென்னையில் அந்த டிஷ் தென்கிழக்கைப் பார்த்தே ஆகவேண்டும்; வேறு பக்கம் திருப்பினால் டிவியில் படம் வராது. இந்தப் படத்தில் கிண்ணத்தின் உள்பக்கம் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறது. டிஷ் தென்கிழக்கைப் பார்த்தால், அதை எதிரே நின்று பார்க்கிற கேமரா வடமேற்கைப் பார்க்கிறது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இலவசமாகத் திசைகாட்டி நட்டு வைத்திருக்கிறோம்.

காற்றில் திரும்பிப்போன பழைய டிஷ்ஷும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. வெயிலைப் பார்த்தேன். காலைக் காப்பி என்று அவளே எழுதியிருந்தாள். மே மாதக் காலைச் சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி எழும். கேமரா வடமேற்கைப் பார்த்தால் வெயில் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். நிழல்கள் இடப்பக்கமாக, நம்மைவிட்டு விலகி விழவேண்டும். தண்ணீர் டேங்க்கின் நிழல் அப்படித்தான் விழுந்திருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே திசையைச் சொன்னால் நம்பலாம். அப்படியானால் வீடு குன்றுக்குத் தென்கிழக்கே, ரயில் பாதைக்கு இந்தப்புறம்.

அடுத்த படி மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. கரையில் உள்ள கோபுரமும் அதற்குப் பின்னால் உள்ள பனைமரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் படகு ஒரு குறிப்பிட்ட கோட்டின்மேல் நிற்கிறது. வேறு பக்கம் இன்னொரு ஜோடியும் அப்படிச் சேர்ந்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் வலை போட வேண்டிய இடம். படத்தில் குன்றின் வெள்ளைக் கட்டடத்துக்கு நேர் கீழே ரயில் பாதையின் வளைவு ஒன்று வந்தது. அது ஒரு கோடு. செல்போன் கோபுரம் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரை நுனியோடு சேர்ந்தது. அது இன்னொரு கோடு. செயற்கைக்கோள் வரைபடத்தில் இரண்டையும் இழுத்துப் பார்த்தேன்.

கோடுகள் வெட்டிய இடம் மின்சார ரயில் தண்டவாளம். அங்கே யாருக்கும் பால்கனி இல்லை.

எங்கே தப்பு என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பக்கத்தில் தூண்களின் மேல் போகிற பாதை ஒன்றல்ல. மெட்ரோ ஒன்று, வேளச்சேரியிலிருந்து வருகிற பறக்கும் ரயில் பாதை ஒன்று. நான் முதலில் பறக்கும் ரயில் என்று நினைத்துக்கொண்டு வேறு ஒரு வளைவைப் பிடித்துக் கோடு போட்டிருக்கிறேன். தூண்களின் மேல் அரைகுறையாகத் தெரிந்த பெட்டி வெள்ளி நிறத்தில் இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். மெட்ரோ. சரியான வளைவிலிருந்து மறுபடி கோடு போட்டதும், வெட்டிய இடம் ஒரு குடியிருப்புத் தெருவில் விழுந்தது. இந்த வேலையில் தப்பு இப்படித்தான் நேரும். ஒன்றை இன்னதென்று மனம் முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், மற்ற எல்லா அடையாளமும் அதற்கு ஒத்துவருவது போலவே தோன்றும். ஒத்துவராத ஒன்றைத் தேடிப்பிடிக்கிறவன்தான் தப்பிக்கிறான்.

அந்தத் தெருவை மேலிருந்து பார்த்தேன். கறுப்பு டேங்க்கும் டிஷ்ஷும் உள்ள மொட்டைமாடி, அதற்குத் தென்கிழக்கே எதிர்ச்சாரியில் ஒரு அடுக்கு வீடு. சென்னையில் 2022 ஜூலையிலிருந்து கூகுள் ஸ்ட்ரீட் வியூ இருக்கிறது. இந்தியாவில் முதலில் வந்த 10 நகரங்களில் அதுவும் ஒன்று. தெருவில் இறங்கி நடக்கிற மாதிரி போய், அந்தக் கட்டடத்தின் பால்கனிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். படத்தில் தம்ளருக்கு அடியில் இருந்த அதே பச்சை மொசைக். மாடி எது? எதிரே உள்ள இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடித் தளம் படத்தில் மேலிருந்து தெரிகிறது. அதற்கு அடுத்த மூன்று மாடி வீட்டின் தளம் தெரியவில்லை, கைப்பிடிச் சுவரின் வெளிப்புறம் மட்டும் தெரிகிறது. அப்படியென்றால் கேமரா இரண்டுக்கும் நடுவில். மூன்றாவது மாடி.

நாற்பது நிமிடம் ஆனது, தப்பான கோட்டுக்கு ஆன பத்து நிமிடத்தையும் சேர்த்து. போனில் தெருவின் பெயரைச் சொன்னதும் அவள் பக்கத்தில் சத்தமே இல்லை.

இந்த வித்தையில் எனக்கு நான்கைந்து வருடப் பழக்கம், விளையாட்டாகத்தான். 2013இல் ஸ்வீடனில் தொடங்கிய ஜியோகெஸ்ஸர் என்ற ஆட்டம் உலகின் ஏதோ ஒரு சாலையில் நம்மைக் கொண்டுபோய் விட்டு, எங்கே நிற்கிறாய் என்று கேட்கும். அமெரிக்காவின் ட்ரெவர் ரெயின்போல்ட் போன்றவர்கள் மண்ணின் நிறத்தையும் மின்கம்பத்தையும் பார்த்து, கண்மூடித் திறப்பதற்குள் நாட்டைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கற்கவேண்டியது, எதை வைத்து எதை விலக்குகிறார்கள் என்பதை. பலகையில் தமிழ் தெரிந்தால் தமிழ்நாடு என்று குதிக்கமாட்டார்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் இருந்தால் இலங்கை. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கும் இருந்தால் சிங்கப்பூர். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளா பச்சையா என்று பார்த்து, தேசிய நெடுஞ்சாலையா மாநில நெடுஞ்சாலையா என்று பிரிப்பார்கள்.

ஆனால் புத்தக விதிகள் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. நண்பகல் நிழல் வடக்கே விழுந்தால் நாம் பூமியின் வடபாதியில் இருக்கிறோம் என்பது பால பாடம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். அப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் எடுத்த படத்தை இந்த விதியால் அளந்தால் ஊரைக் கொண்டுபோய்த் தென்பாதியில் வைத்துவிடுவோம். இன்னொன்று, ஆட்டக்காரர்களின் திறமையில் ஒரு பங்கு ஊரைப் பற்றியதே அல்ல, கூகுள் காரைப் பற்றியது. கென்யாவில் படம் எடுத்த காரின் முன்பக்கம் காற்றுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு தெரியும். கானாவில் காரின் மேல்கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தில் இந்தக் கார் கிடையாது. ஆட்டத்தில் சூரனாக இருப்பவன் அண்ணன் மகளின் பால்கனி முன்னால் தடுமாறக்கூடும்.

அவளுக்கு ஆபத்து அந்தச் சூரனிடமிருந்து அல்ல என்பதுதான் விஷயம். அவனுக்கு உலகம் முழுவதும் தேடவேண்டும். தெரிந்த ஒருவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. எந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்த ரயிலில் வருவாள் என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். பாக்கி இருப்பது கடைசி இரண்டு கிலோமீட்டர். அதற்கு அறிவு அதிகம் வேண்டாம். பொறுமை போதும்.

2019இல் டோக்கியோவில் நடந்தது இதுதான். செப்டம்பர் 1ஆம் தேதி இரவு, வீடு திரும்பிய இளம் பாடகி ஒருவரை அவருடைய ரசிகன் வீட்டு வாசலில் பின்னாலிருந்து பிடித்துத் தாக்கினான். பிறகு கைதானவன் போலீசிடம் சொன்னதைக் கேட்டு ஜப்பான் திகைத்துப்போனது. அவர் வெளியிட்ட செல்ஃபி ஒன்றைப் பெரிதாக்கி, அவருடைய கண்ணில் பிரதிபலித்த ரயில் நிலையக் காட்சியைப் பார்த்திருக்கிறான். அதை ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிட்டு எந்த நிலையம் என்று கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து, பின்தொடர்ந்திருக்கிறான். வீட்டுக்குள் அவர் எடுத்த வீடியோக்களில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து எந்த வீடு என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கண்ணில் அவ்வளவா தெரியும் என்று பலரும் கேட்டார்கள். நானும் நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கருவிழி ஒரு சின்ன குவியாடி. குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர். 12 மெகாபிக்சல் கேமராவில் முகம் படம் முழுக்க நிறையும்படி எடுத்தால், கருவிழிக்கு மட்டும் 230 பிக்சல் அளவுக்குக் கிடைக்கும். எதிரே 30 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் உயரக் கட்டடம் இருந்தால், அது கண்ணுக்குள் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, இருபத்தைந்து பிக்சலில் தெரியும். வலைத்தளம் படத்தைச் சுருக்கிப் போட்டால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெயர்ப்பலகையைப் படிக்கவே முடியாது. ஆனால் கூரையின் வடிவம், தூண்களின் வரிசை, வெளிச்சம் எங்கே திறக்கிறது என்பவை தேறும். முன்பின் தெரியாத ஊரைக் கண்டுபிடிக்க இது உதவாது. இந்த ரயில் பாதையில் எந்த நிலையம் என்று நாலைந்தில் ஒன்றைப் பிடிக்க உதவும். அந்த ரசிகனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இப்போது முன்பாதி வேலையை, அதாவது உலகத்திலிருந்து ஊருக்கு வருகிற வேலையை, இயந்திரம் வாங்கிக்கொண்டது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் ஸ்ட்ரீட் வியூ படங்களைக் கொண்டு 'பிஜன்' என்ற நிரலைப் பயிற்றுவித்தார்கள். ஒரு இடத்தைக் காட்டினால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் நாட்டைச் சரியாகச் சொன்னது; பத்தில் நான்கு முறை 25 கிலோமீட்டருக்குள் குறிபார்த்தது. ரெயின்போல்ட்டோடு மோதி ஜெயித்தது. அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலிச் செய்தியாளர் ஒருவர் எங்கும் வெளியிடாத தன் பழைய பயணப் படங்கள் ஐந்தைக் கொடுத்துப் பார்த்தார். சான்பிரான்சிஸ்கோ தெரு ஒன்றைச் சில தெருக்கள் வித்தியாசத்தில் சொல்லிவிட்டது. ஐடஹோ மாநிலத்து ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்து நியூசிலாந்து என்றது. மலையும் ஆறும் உலகில் இரட்டைப்பிள்ளைகளாக இருக்க முடியும்; தெருவுக்குத்தான் இரட்டை கிடைப்பது கடினம். தவறாகப் பயன்படுமோ என்று அந்த மாணவர்கள் முழு நிரலையும் பொதுவில் விடவில்லை. அதனால் என்ன? 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் புதிய வடிவம் படத்தைத் தானே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்து ஊரைச் சொல்லத் தொடங்கியது. ஜனங்கள் உணவகப் படங்களையும் ஹோட்டல் அறைப் படங்களையும் கொடுத்து விளையாடினார்கள்.

25 கிலோமீட்டர் என்பது சென்னைக்குள் ஒன்றுமே இல்லை. மெரினாவிலிருந்து தாம்பரம் வரை அதற்குள் அடங்கிவிடும். இயந்திரம் அங்கே கொண்டுவந்து விட்டபின், டிஷ்ஷும் நிழலும் பச்சை மொசைக்கும்தான் மிச்சத்தைச் சொல்லவேண்டும். அதில் இன்னும் மனிதக் கைதான் தேவைப்படுகிறது. எவ்வளவு நாள் என்பது வேறு விஷயம்.

பந்தயத்தில் தோற்றபின் அவள் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப எதையுமே போடக்கூடாதா?" அப்படியில்லை. ஒரு படம் ஒரு கோடுதான் தரும், அல்லது இரண்டு. அவள் பக்கத்தை அன்றிரவு முழுக்கப் பின்னோக்கிப் பார்த்தோம். அதே பால்கனியிலிருந்து வேறு வேறு நேரத்தில் ஐந்து படம். மழை நாளில் ஒன்று, அதில் குன்று மறைந்திருந்தாலும் இடப்பக்கத் தெருமுனைக் கடை தெரிந்தது. புது ஸ்கூட்டரின் படத்தில் பின்னால் கட்டடத்தின் கேட். பட்டாசு வெடித்த வீடியோ ஒன்றில் கேமரா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுழன்றிருந்தது. ஒரு படத்தில் இல்லாதது இன்னொன்றில் இருந்தது. நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது ஒரே படத்தைப் பார்த்ததால். ஐந்தையும் அடுக்கியிருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பட்டாசு வீடியோவையும் கேட் படத்தையும் எடுத்துவிட்டாள். ஏற்கெனவே யாராவது பார்த்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது என்று சொன்னேன், தெரியும் என்றாள். ஊர் சுற்றப் போன படங்களை அங்கிருந்து திரும்பிவந்தபிறகு போடுவது என்று அவளே முடிவெடுத்தாள். வீட்டுக்குள் எடுப்பதானால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், ஜன்னலைப் பார்த்து நின்று சுவரைப் பின்னணியாக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு டோக்கியோக்காரன் நினைவு வந்து, "முகத்தை ரொம்பக் கிட்டத்துல எடுக்காதே" என்றும் சேர்த்தேன். ஜன்னலைப் பார்க்கிற கண்ணில் ஜன்னல் இருக்குமே. "போங்க சித்தப்பா" என்றாள். பிரியாணி மட்டும் சொன்னபடி வந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு காலைக் காப்பி. இந்த முறை சமையலறை மேடை, பின்னால் வெறும் வெள்ளை டைல்ஸ். பரவாயில்லையே என்று நினைத்து நகரப்போனவன், தம்ளரைப் பார்த்தேன். பளபளவென்று விளக்கி வைத்த எவர்சில்வர் தம்ளர். அதன் வயிற்றில் ஜன்னல் ஒன்று வளைந்து நின்றது. பெரிதாக்கினேன். நான்கு கம்பி, அப்புறம் வெள்ளை வெளிச்சம். வெளியே எதுவும் பிடிபடவில்லை.